முள் நின்றால் போதுமா?

பெரிய மருத்துவமனைகளிலும் ஐ.டி. அலுவலகங்களிலும் மாடிக்கு மாடி தனித்தனி ஏ.சி. இருப்பதில்லை. அடித்தளத்திலோ மொட்டைமாடியிலோ இருக்கும் சில்லர் எந்திரம் தண்ணீரை ஏழு டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் தர, அந்தத் தண்ணீர் இரும்புக் குழாய்களில் கட்டடம் முழுக்கச் சுற்றி வரும். குளிர் வெளியேறாமலும் குழாய் வியர்க்காமலும் இருக்க, அவற்றின் மேல் கறுப்பு ரப்பர் உறையை ஒட்டுவார்கள். அதற்கும் மேல் பல இடங்களில் அலுமினியத் தகடு சுற்றுவார்கள். பொய்க்கூரைக்கு மேலே போய்விட்ட அந்தக் குழாயை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

பிறகு ஒருநாள் கூரையில் ஈரக்கறை தெரியும். பராமரிப்பு ஆள் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, “உறை விட்டிருக்கு, வியர்க்குது” என்று ஒட்டுநாடா சுற்றிவிட்டு இறங்குவார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் பட்டு நீராவதுதான் வியர்வை. குழாய்க்குள்ளிருந்து வெல்டின் துளை வழியே வருவது கசிவு. இரண்டும் சொட்டும்போது ஒன்றுபோலவே இருக்கும். கசிந்த நீர் உறைக்குள்ளேயே ஓடி, நாலைந்து மீட்டர் தள்ளி உறையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பிரித்துப் பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் அறையின் நீளத்துக்கு உறையைக் கிழிக்க வேண்டிவரும். அதற்குள் ஈர உறைக்கு அடியில் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இந்த வம்பைத் தவிர்க்கத்தான் உறை போடுவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்க்கிறார்கள். தளத்தில் இதற்கு ‘ஹைட்ரோ டெஸ்ட்’ என்று பெயர். எல்லா ஒப்பந்தங்களிலும் இது இருக்கிறது. எல்லா இடத்திலும் கையெழுத்தும் ஆகிறது. ஆனால் பல இடங்களில் நடப்பது என்னவென்றால், அழுத்தமானியின் முள்ளை மாலையில் ஒரு படம், மறுநாள் காலையில் ஒரு படம் எடுத்து அறிக்கையோடு இணைத்துவிடுவதுதான். முள் நின்ற இடத்தில் நின்றால் குழாய் தேறியது, இறங்கினால் தேறவில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறாக இருக்கலாம் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்த்தால் புரியும்.

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். சில்லரும் பம்புகளும் அடித்தளத்தில். அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய்கள் இரண்டு, ஒன்று தண்ணீர் போவதற்கும் ஒன்று திரும்புவதற்குமாக, 33 மீட்டர் உயரம் ஏறுகின்றன. அடித்தளத்தில் ஓடும் நீளத்தையும் சேர்த்து மொத்தம் 120 மீட்டர். ஆறு அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 18.6 லிட்டர் பிடிக்கும் என்பதால், உள்ளே சுமார் 2,200 லிட்டர் தண்ணீர். அடித்தளத்தில் இந்தக் குழாய்க்கு வகுத்த அதிகபட்ச அழுத்தம் 10 பார். தளத்தில் ‘பத்து கிலோ’ என்பார்கள். சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோ என்பதும் ஒரு பாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சோதனை அழுத்தம் எவ்வளவு? இந்தியாவில் இத்தகைய வேலைகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் குழாய் விதிகள், வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு என்கின்றன. ஆக 15 பார். ஆனால் எந்த இடத்தில் 15 என்பதுதான் அடுத்த கேள்வி. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். 33 மீட்டருக்கு 3.2 பார். அடித்தளத்தில் அழுத்தமானி 15 காட்டினால் உச்சி மாடியில் 11.8தான் இருக்கும். அது போதுமா என்றால், போதும். வேலையின்போது கீழே 10 இருக்கையில் மேலே 6.8தான் வரப்போகிறது. அதன் ஒன்றரை மடங்கு 10.2. அதைத் தாண்டிவிட்டோம்.

மாறாக, மானியை மொட்டைமாடியில் மாட்டி அங்கே 15 வரும்வரை ஏற்றினால் அடித்தளத்தில் 18.2 ஆகிவிடும். அங்கே 16 பார் தரத்து வால்வு ஒன்றை மூடிவைத்து, அதையே தடுப்பாக நம்பியிருந்தால் சிக்கல். வால்வின் உடல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டதுதான். ஆனால் மூடிய நிலையில் அதன் இருக்கை சோதிக்கப்படுவது 1.1 மடங்குக்கு, அதாவது 17.6 பாருக்கு மட்டுமே. அதைத் தாண்டி ஏற்றினால் இருக்கை கெடலாம். அல்லது சத்தமில்லாமல் உள்ளேயே விட்டுக்கொடுத்து, குழாயில் கசிவே இல்லாதபோதும் முள்ளை இறக்கிக் காட்டலாம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மூடிய வால்வை எல்லையாக வைப்பதில்லை. பிளாஞ்சுகளுக்கு நடுவே கனமான அடைப்புத் தகடு செருகி கேஸ்கட்டோடு இறுக்குகிறார்கள். சில்லர், பம்பு, மாடிகளிலுள்ள குளிர்விப்புச் சுருள்கள், விரிவுத் தொட்டி, பாதுகாப்பு வால்வு, உணரிகள் எல்லாம் இந்தத் தகடுகளுக்கு அப்பால் போய்விட வேண்டும். எந்தெந்த இடத்தில் தகடு போட்டோம் என்று எண் போட்டு எழுதிவைக்கவும் வேண்டும். சோதனை முடிந்து எடுக்க மறந்த ஒரு தகடு, பிறகு ஒரு மாடிக்கே குளிர் போகாமல் செய்து எல்லோரையும் வாரக்கணக்கில் தேட வைத்துவிடும்.

தண்ணீர் நிரப்புவது சின்ன வேலைபோலத் தோன்றும். இந்தச் சோதனையின் நேர்மை பாதி இங்கேதான் இருக்கிறது. கீழேயிருந்து மெதுவாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு உயர்ந்த இடத்திலும் காற்றுத் திறப்பைத் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் என்ன ஆகும் என்பதைச் சோதனைப் பம்பே சொல்லிவிடும். முழுக்க நீரே நிரம்பிய நம் 2,200 லிட்டர் குழாயை 15 பாருக்கு ஏற்ற, கூடுதலாக உள்ளே தள்ள வேண்டிய தண்ணீர் இரண்டு லிட்டருக்கும் குறைவு. தண்ணீர் அவ்வளவு அழுந்தாது, எஃகும் அவ்வளவு விரியாது. பம்பின் தொட்டியிலிருந்து பத்து, இருபது லிட்டர் போன பிறகும் முள் சோம்பலாக ஏறினால் எங்கோ ஒரு வளைவில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அல்லது எங்கோ பெரிதாக ஒழுகுகிறது. இரண்டில் எதுவானாலும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

காற்றுக்கு ஏன் இத்தனை அச்சம்? ஒரு கன மீட்டர் தண்ணீரை 15 பாருக்கு அழுத்தினால் அதில் சேரும் ஆற்றல், ஒரு சிமெண்ட் மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படுமே, ஏறக்குறைய அவ்வளவுதான். அதே ஒரு கன மீட்டரில் 15 பார் காற்று இருந்தால் அரைக் கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல் அடைபட்டிருக்கும். தண்ணீர் நிரம்பிய குழாயில் ஓர் இணைப்பு பிளந்தால் பீய்ச்சிவிட்டு அழுத்தம் உடனே சரிந்துவிடும். காற்றடைத்த குழாய் பிளந்தால் துண்டு பறக்கும். “தண்ணி எங்க சார் கிடைக்குது, கம்ப்ரசர்ல ஏத்திப் பாத்துடலாம்” என்று யாராவது சொன்னால், கோடைக்காலச் சென்னையாகவே இருந்தாலும் லாரித் தண்ணீர் வாங்குவதுதான் சரி. விதிகள் காற்றுச் சோதனையை அடியோடு விலக்கவில்லை. ஆனால் தண்ணீர் பயன்படுத்தவே முடியாத இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளோடுதான் அனுமதிக்கின்றன.

அதற்காகத் தண்ணீர்ச் சோதனை விளையாட்டும் அல்ல. ஆறு அங்குலக் குழாயின் முனையில் இருக்கும் அடைப்புத் தகட்டின் மேல் 15 பாரில் விழும் விசை சுமார் 2,800 கிலோ எடைக்குச் சமம். அதை நாலு போல்ட்டில் பிடித்துவைத்து, மிச்சத்தை ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று விட்டவர்கள் உண்டு. சோதனை நாளில் அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மறித்து, மற்ற வேலையாட்களை வெளியே அனுப்ப வேண்டும். தகட்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. பம்புக்குப் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு, சோதனை அழுத்தத்துக்குச் சற்று மேலே திறக்கும்படி இருக்க வேண்டும். மானி, சோதனை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை காட்டக்கூடியதாக, நமக்கு 0 முதல் 30 பார் வரை, செல்லுபடியாகும் அளவீட்டுச் சான்றோடு இருந்தால் நல்லது. இரண்டு மானிகள் போட்டால் இன்னும் நல்லது. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

ஒரேயடியாக 15க்கு ஏற்ற மாட்டார்கள். பாதி வரை ஏற்றி நிறுத்தி, பெரிய ஒழுகல் ஏதும் உண்டா என்று தூரத்திலிருந்து பார்ப்பார்கள். பிறகு இரண்டிரண்டு பாராக ஏற்றி 15ஐத் தொட்டதும் பம்பின் வால்வை மூடிக் குழாயைத் தனிமைப்படுத்துவார்கள். குறைந்தது பத்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் குழாயின் வலுவுக்கு வைக்கும் சோதனை, யாரும் அருகே போக வேண்டியதில்லை. பிறகு அழுத்தத்தை 10 பாருக்கு இறக்கிவிட்டுத்தான் டார்ச்சோடு ஏறிப் பார்க்கப் போக வேண்டும். 15லேயே நிற்க, ஏணியில் ஏறி வெல்டுக்கு முன்னால் முகத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத வீரம் அது.

இப்போது கசிவுக் கணக்குக்கு வருவோம். இதே குழாயில் ஒரு வெல்டில் ஊசித்துளை இருக்கிறது, நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி. நம் குழாயில் அழுத்தம் ஒரு பார் குறைய வேண்டுமானால் சுமார் 125 மில்லி வெளியேற வேண்டும். அதாவது 2,500 சொட்டு, நாற்பது நிமிடத்துக்கும் மேல். பத்து நிமிடத்தில் முள் கால் பார்தான் இறங்கும். 30 பார் மானியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே அரை பாரோ ஒரு பாரோ இருக்கும்போது இந்தக் கால் பாரை யார் கவனிப்பார்கள்? உள்ளே காற்றும் தங்கியிருந்தால் இன்னும் மோசம். நீர் குறையக் குறைய அழுந்திய காற்று விரிந்து இடத்தை நிரப்பி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நூறு லிட்டர் காற்று மாட்டியிருந்தால் முள் இறங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் வெறும் இரும்பில் நொடிக்கு ஒரு சொட்டு என்றால் கீழே நிற்கும் ஆளுக்கே தெரியும்.

‘அப்படியானால் 24 மணி நேரம் வைத்துவிட்டால் சரிதானே’ என்று தோன்றும். பல ஒப்பந்தங்கள் அதைத்தான் கேட்கின்றன. நேரம் கூடினால் சோதனை கடுமையாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பது வெப்பநிலை. தண்ணீர் சூடானால் விரியும். எஃகும் விரியும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், காற்றே இல்லாமல் நிரம்பி அடைபட்ட நம் குழாயில் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் நாலரை, ஐந்து பார் விழும். ஒரு டிகிரி சூடானால் அதே அளவு ஏறும். மாலை நாலு மணிக்கு 15ல் விட்டுப்போன குழாய், விடியற்காலையில் பத்துக்கு இறங்கி நிற்பதற்கு ஒரு சொட்டுக் கசிவுகூட வேண்டாம். கட்டி முடியாத கட்டடத்தில், சன்னல் இல்லாத மாடியில், இரவில் ஒரு டிகிரி குறைவது சாதாரணம். எதிர்ப்பக்கமும் உண்டு. காலையில் ஏற்றிய குழாயில் வெயில் பட்டால், சின்னக் கசிவு இருந்தும் முள் அசையாமல் நிற்கும். சில சமயம் பாதுகாப்பு வால்வே திறந்துகொள்ளும் அளவுக்கு ஏறிவிடும்.

காலையில் வந்து பார்த்த உதவியாள், “அண்ணே, முள்ளு அப்படியே நிக்குது, பாஸ்தான்” என்று சந்தோஷமாகச் சொன்னபோது, ஃபோர்மேன் ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராத்திரி மழை பேஞ்சு குளுந்திருக்கு, அப்புறம் எப்படி அப்படியே நிக்கும்? போய் பம்பு வால்வைப் பாரு” என்றார். பம்பின் வால்வு மூடப்படவில்லை. தானாக இயங்கும் மின்பம்பு, குறையக் குறைய இரவெல்லாம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மனிதர் எந்தச் சூத்திரமும் படித்தவரில்லை. ஆனால் அழுத்தம் எப்போது இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே நீண்ட நேரச் சோதனை கேட்கப்பட்டால் தண்ணீரை நிரப்பி, சுற்றுப்புற வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டு, பிறகு ஏற்ற வேண்டும். அழுத்தத்தைக் குறிக்கும்போதெல்லாம் குழாயின் மேற்பரப்பு வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். முடிவைப் படிப்பது அப்போதுதான் சாத்தியம். ஏற்பு விதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: எந்த இணைப்பிலும் சொட்டோ ஈரக்கசிவோ கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெப்பநிலை மாற்றத்தால் விளக்க முடியாத அழுத்தக் குறைவு இருக்கக் கூடாது. இதில் முதல் பாதிதான் முக்கியம். அது சாத்தியமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வெல்டும், ஒவ்வொரு பிளாஞ்சும், மரையிட்ட ஒவ்வொரு இணைப்பும் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

தளத்தில் இதற்கு எதிராக நிற்பது அவசரம். உறை போடும் குழு வந்து காத்திருக்கும், பொய்க்கூரைக் குழு அவர்களுக்குப் பின்னால் நிற்கும். எல்லாம் முடியும்வரை நிறுத்திவைக்க முடியாது என்பது நியாயமே. அதற்கு வழி உண்டு. குழாயின் நேர் நீளங்களுக்கு உறை போட்டுக்கொள்ளலாம், இணைப்புகளின் இருபுறமும் ஒரு சாண் அளவு விட்டுவிட வேண்டும். அல்லது மாடிமாடியாகச் சோதித்துக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால், சோதித்த இரு பகுதிகளைக் கடைசியில் சேர்க்கும் அந்த ஒரு வெல்டு எந்தச் சோதனைக்குள்ளும் வராமல் தப்பிவிடும். அதையும் திறந்தே வைத்திருந்து மொத்தக் குழாயையும் நிரப்பும்போது பார்க்க வேண்டும். பெயிண்ட்டைப் பொறுத்தவரை, விதிகள் இணைப்பின் மேல் பெயிண்ட் அடிப்பதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனாலும் சோதனைக்கு முன் வெல்டின் மேல் பிரைமர் அடிக்காமல் விடுவது நல்ல பழக்கம். தடிமனான பூச்சு ஓர் ஊசித்துளையைச் சில நாள் மூடிவைக்கும்.

கசிவு கிடைத்தால் என்ன செய்வது? அழுத்தத்தோடு இருக்கும்போது பிளாஞ்சு போல்ட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது, வெல்டைச் சுத்தியலால் தட்டவும் கூடாது. அழுத்தத்தை முழுக்க விட்டு, தேவையான அளவு நீரை வடித்து, கெட்ட வெல்டைத் தேய்த்தெடுத்துத் திரும்ப அடித்து, மறுபடி 15லிருந்து தொடங்க வேண்டும். ஊசித்துளையின் மேல் எபாக்சி பசை தடவித் தேற்றுவது ஏமாற்று வேலை. வடிக்கும்போது முதலில் மேலே உள்ள காற்றுத் திறப்பைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் நீர் உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கும். பாதி வடித்த குழாயை மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு. ஈரமும் காற்றும் சேர்ந்த இரும்பு, எந்திரம் ஓடத் தொடங்கும் முன்பே துருத் தண்ணீரைத் தயாரித்துவைத்திருக்கும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இது தூரத்து விஷயமில்லை. சுவருக்குள் போகும் சி.பி.வி.சி. குழாயைப் பூசுவதற்கு முன் கையால் இயக்கும் சோதனைப் பம்பு வைத்து இதேபோல்தான் பார்க்க வேண்டும். பசை முழுக்கக் காய நேரம் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் அழுத்தத்தில் மெல்ல விரியும் என்பதால் முதலில் முள் சற்று இறங்குவது இயல்பு. மீண்டும் ஏற்றி நிலைத்த பிறகு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள், பூச்சு அதற்கப்புறம்.

பெரிய கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அது குடியிருப்புச் சங்கமோ பள்ளி நிர்வாகமோ, உறைக்கான பில்லில் கையெழுத்துப் போடும் முன் சோதனைத் தாளைக் கேளுங்கள். மானி எந்த உயரத்தில் இருந்தது, பம்பைப் பிரித்தார்களா, ஏற்ற எத்தனை லிட்டர் ஆனது, வெப்பநிலை என்ன, எந்தெந்த இணைப்பை யார் கண்ணால் பார்த்தார் என்பது அதில் இருக்க வேண்டும். முள்ளின் இரண்டு படங்கள் மட்டும் இருந்தால், உறை போடாமல் நிறுத்திவைத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.